அக்கா தைக்கும் ஜாக்கெட், தங்கை கட்டும் பூ: இரண்டு பேர் அட்டவணைக் கணக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளியல் படிக்கும் பிள்ளைகள் அட்டவணையைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: "டீச்சர், இதுக்கு எப்படிப் போடணும்?" இரண்டு பேர், இரண்டு வேலை என்றால் யார் எதைச் செய்வது, எந்த விகிதத்தில் மாற்றிக்கொள்வது என்பதே அந்தக் கணக்கு. பொருள்கள் மாறும், ஆட்கள் மாறுவார்கள், சந்தேகம் மட்டும் அதேதான். அதனால் ஒரே ஓர் அட்டவணையை எடுத்துக்கொண்டு, வந்த கேள்விகளை வந்தபடியே வரிசைப்படுத்தி இங்கே எழுதியிருக்கிறேன். எளியது முதலில், சிக்கலானது பிறகு. ஒன்றை விட்டு அடுத்ததற்குத் தாவினால் நடுவில் எங்கோ இடறும்.

கீழே இருப்பது, ஒரு நாள் முழுக்க (8 மணி நேரம்) ஒரே வேலையைச் செய்தால் ஒருவரால் எவ்வளவு முடியும் என்பது:

| | ஜாக்கெட் | கட்டிய பூ (முழம்) |
|---|---|---|
| அக்கா | 4 | 60 |
| தங்கை | 2 | 50 |

வாய்ப்புச் செலவுன்னா என்ன டீச்சர்? துணி, நூலுக்கு ஆகுற காசா?

காசு இல்லை. ஒன்றைச் செய்ததால் செய்ய முடியாமல் போன இன்னொன்றுதான் அது. அக்கா ஒரு ஜாக்கெட் தைக்க 2 மணி நேரம் எடுக்கிறாள். அந்த 2 மணி நேரத்தில் அவள் பூ கட்ட உட்கார்ந்திருந்தால் 15 முழம் கட்டியிருப்பாள். அந்த ஜாக்கெட்டுக்கு அவள் கொடுத்த விலை, கட்டாமல் போன அந்த 15 முழம்.

இலங்கைப் பாடநூல்களில் இதையே 'அமையச் செலவு' என்பார்கள். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றுதான். துணி, நூல், பூ ஆகியவற்றின் விலை இந்த வகை அட்டவணையில் வருவதே இல்லை. நேரம் ஒன்றை மட்டும் இரண்டு வேலைக்கும் எப்படிப் பிரிப்பது என்பதே கேள்வி.

படத்துல வெறும் நாலு நம்பர்தான் இருக்கு. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

அந்த நான்கு எண்களுக்கு மேலே உள்ள தலைப்பிலிருந்து. படமெடுக்கும்போது பெரும்பாலும் வெட்டுப்படுவது அந்த வரிதான். "ஒரு நாளில் செய்யும் அளவு" என்றிருந்தால் பெரிய எண் திறமையைக் காட்டுகிறது. "ஒன்று செய்ய ஆகும் நேரம்" என்றிருந்தால் சிறிய எண்தான் திறமை. எண்களை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தலைப்பு படத்தில் இல்லையென்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தைத் திறந்து இன்னொரு படம் எடுங்கள்.

அடுத்து, ஆட்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மேலே உள்ள அட்டவணையில் ஒரு ஆளுக்கு ஒரு படுக்கை வரிசை. சில புத்தகங்களில் ஆட்கள் மேலே தலைப்பில் இருப்பார்கள், பொருள்கள் பக்கவாட்டில் இருக்கும். நமக்கு வேண்டியது ஒரே ஆளின் இரண்டு எண்கள். அவற்றைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வளையம் போட்டுவிட்டால், அக்காவின் எண்ணைத் தங்கையின் எண்ணால் வகுக்கும் தவறு நடக்காது.

படம் மங்கலா இருக்கு. 50ஆ 30ஆன்னு தெரியல. ஒண்ணைப் போட்டுப் பார்க்கலாமா?

போட்டுப் பார்க்கலாம், ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதே அட்டவணையை ஒரு மாணவி குழல்விளக்கின் கீழே படமெடுத்து அனுப்பியிருந்தாள். வழுவழுப்பான தாள் என்பதால், விளக்கின் வெள்ளைக் கோடு சரியாகத் தங்கையின் பூ எண் மேல் விழுந்திருந்தது. 5-இன் தலைப்பகுதி வெளிறிப்போய், பார்ப்பதற்கு 3 போல இருந்தது. அவள் 30 என்று எடுத்துக்கொண்டு, "இருவருக்கும் வணிகத்தால் பயனில்லை" என்று விடை எழுதிவிட்டாள்.

அவளுடைய கணக்கில் பிழை இல்லை. 30-ஐ 2-ஆல் வகுத்தால் 15. அக்காவுக்கும் 60-ஐ 4-ஆல் வகுத்தால் 15. இருவரின் வாய்ப்புச் செலவும் ஒன்றாக இருந்தால் பரிமாற்றத்தில் யாருக்கும் எதுவும் மிஞ்சாது என்பது சரியே. ஒரே ஓர் இலக்கம், விடையைத் தலைகீழாக்கிவிட்டது. அதனால் இரண்டு வாய்ப்புச் செலவும் சமமாக வந்தால் உடனே விடை எழுதாமல், படத்தைப் பெரிதாக்கி நான்கு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். கேள்வி "எந்த விகிதத்தில் பரிமாறிக்கொள்வார்கள்?" என்று தொடர்ந்தால், அந்த விகிதம் இருந்தே ஆக வேண்டும். அப்போது சமமாக வந்தது படித்த எண்ணின் பிழையாகத்தான் இருக்கும். 1-ஐ 7 என்றும் 6-ஐ 0 என்றும் படித்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

எதை எதால வகுக்கணும்? எனக்கு எப்பவும் தலைகீழாத்தான் வருது.

அளவு கொடுத்த அட்டவணையில், விட்டுக்கொடுப்பது மேலே, பெறுவது கீழே. ஒரு ஜாக்கெட்டின் வாய்ப்புச் செலவு வேண்டுமானால், பெறுவது ஜாக்கெட், விடுவது பூ. ஆகவே பூவை ஜாக்கெட்டால் வகுக்க வேண்டும்.

```
அக்கா:   1 ஜாக்கெட் = 60 / 4 = 15 முழம்
தங்கை:  1 ஜாக்கெட் = 50 / 2 = 25 முழம்
```

பூவின் வாய்ப்புச் செலவு இதன் தலைகீழ். அக்காவுக்கு ஒரு முழம் என்பது ஒரு ஜாக்கெட்டில் 15-இல் ஒரு பங்கு, தங்கைக்கு 25-இல் ஒரு பங்கு. தனியாக இன்னொரு முறை வகுக்கத் தேவையில்லை.

விடைக்குப் பக்கத்தில் அலகை எழுதாமல் வெறும் 15 என்று எழுதுவதால்தான் பாதிப் பேருக்குத் தலைகீழாகிறது. "15 முழம் பூ" என்று எழுதுங்கள். ஜாக்கெட்டின் செலவைத் தேடியபோது விடை ஜாக்கெட்டிலேயே வந்து நின்றால், வகுத்தது மாறிவிட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அக்காதான் ரெண்டுலயும் அதிகம் செய்றா. அப்புறம் தங்கைகிட்ட எதுக்கு வாங்கணும்?

நெடுக்காகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 4, 2-ஐ விடப் பெரியது. 60, 50-ஐ விடப் பெரியது. இதற்கு 'முழு நன்மை' என்று பெயர். அது இரண்டு வேலையிலும் அக்காவிடம் இருக்கிறது. ஆனால் யார் எதைச் செய்வது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது, ஏனென்றால் அக்காவிடமும் ஒரு நாளுக்கு 8 மணி நேரம்தான் இருக்கிறது. பூவில் உட்கார்ந்தால் தையல் நிற்கும்.

அக்கா தையலில் தங்கையைப் போல இரண்டு மடங்கு செய்கிறாள். பூவில் அவள் முந்துவது ஆறுக்கு ஐந்து என்ற அளவில்தான். அவளுடைய முந்துதல் எதில் பெரியதோ அதில் அவளுக்கு ஒப்பீட்டு நன்மை. தங்கை இரண்டிலும் பின்தங்கியவள்தான், ஆனால் பூவில் பின்தங்கியது கொஞ்சம். வாய்ப்புச் செலவும் இதையே சொல்கிறது: ஜாக்கெட்டுக்கு அக்கா விடுவது 15 முழம், தங்கை விடுவது 25. குறைவாக விடுபவள் அக்கா, அவள் தைக்கட்டும். ஒரு முழம் பூவுக்குக் குறைவாக விடுபவள் தங்கை, அவள் பூ கட்டட்டும்.

அப்போ ஒருத்தருக்கே ரெண்டு பொருள்லயும் ஒப்பீட்டு நன்மை வராதா?

இரண்டு பேர், இரண்டு பொருள் என்ற அட்டவணையில் வரவே வராது. ஒரு பொருளின் வாய்ப்புச் செலவு மற்றதன் தலைகீழ் என்று மேலே பார்த்தோம். 15 சிறியது என்றால் அதன் தலைகீழ் பெரியதாகத்தான் இருக்கும். ஒன்றில் மலிவானவர் மற்றதில் விலை கூடியவராகத்தான் இருக்க முடியும். ஒருவருக்கே இரண்டும் என்று விடை வந்தால், ஏதோ ஓர் இடத்தில் வகுத்தது தலைகீழாகியிருக்கிறது.

ரெண்டு பேருக்கும் லாபம் வர்ற விகிதத்தை எப்படி முடிவு பண்றது?

இரண்டு வாய்ப்புச் செலவுகளும்தான் இரண்டு எல்லைகள். ஒரு ஜாக்கெட்டுக்கு 15 முழத்துக்கு மேல், 25 முழத்துக்குள். பாடநூல் இதை வாணிப வீதம் என்கிறது.

ஏன் என்று ஒவ்வொருவர் பக்கமாகப் பாருங்கள். அக்கா ஜாக்கெட்டைக் கொடுத்து 12 முழம் வாங்கினால், அதே 2 மணி நேரத்தில் அவளே 15 முழம் கட்டியிருப்பாள். மூன்று முழம் நட்டம், ஒத்துக்கொள்ள மாட்டாள். தங்கையிடம் 30 முழம் கேட்டால், ஒரு ஜாக்கெட்டைத் தானே தைக்க அவள் 25 முழம்தான் விட வேண்டியிருக்கும். அவளும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

எல்லைக்கு வெளியே போனால் இன்னொன்றும் நடக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. விகிதம் 30 என்றால் இருவருமே ஜாக்கெட் தைத்து விற்கத்தான் பார்ப்பார்கள், வாங்க ஆள் இருக்காது. 12 என்றால் இருவருமே பூ கட்டி ஜாக்கெட் வாங்கப் பார்ப்பார்கள், தைக்க ஆள் இருக்காது. 15-க்கும் 25-க்கும் இடையில் மட்டும்தான் ஒருவர் விற்கவும் மற்றவர் வாங்கவும் நிற்பார்கள்.

தேர்வில் 10, 15, 18, 28 என்று நான்கு தெரிவுகள் இருந்தால் விடை 18. சரியாக 15 என்றால் தங்கைக்கு மட்டும் லாபம், அக்காவுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. "இருவருக்கும் பயன்" என்று கேட்டால் எல்லை எண்ணை எடுக்காதீர்கள். கேள்வி ஒரு முழம் பூவுக்கு எவ்வளவு ஜாக்கெட் என்று திருப்பிக் கேட்டால் எல்லைகளும் திரும்பும்: 25-இல் ஒரு பங்குக்கு மேல், 15-இல் ஒரு பங்குக்குள்.

ஆளுக்கு ஒரு வேலைன்னு பிரிச்சதும் மொத்தப் பூ குறைஞ்சுபோச்சே. இதுல லாபம் எங்க இருக்கு?

என்னிடம் வந்த கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இது, ஏனென்றால் கேட்டவள் கூட்டிப் பார்த்திருக்கிறாள். முன்பு இருவரும் பாதி நாள் தைத்து, பாதி நாள் பூ கட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்காவிடம் 2 ஜாக்கெட், 30 முழம். தங்கையிடம் 1 ஜாக்கெட், 25 முழம். மொத்தம் 3 ஜாக்கெட், 55 முழம். பிரித்த பிறகு 4 ஜாக்கெட், 50 முழம். ஜாக்கெட் ஒன்று கூடியிருக்கிறது, பூ 5 முழம் குறைந்திருக்கிறது. அவள் சொன்னது உண்மை.

இப்போது அந்தக் கூடுதல் ஜாக்கெட்டுக்கு என்ன விலை கொடுத்தோம் என்று பாருங்கள். 5 முழம். அக்காவே தன் நேரத்தில் ஒரு ஜாக்கெட்டைக் கூட்டியிருந்தால் 15 முழம் போயிருக்கும். மிச்சம் 10 முழம். பூ ஒரு முழம்கூடக் குறையக் கூடாது என்றால் அதற்கும் வழி உண்டு. அக்காவுக்கு ஒரு முழம் கட்ட 8 நிமிடம். 40 நிமிடம் பூவில் உட்கார்ந்து 5 முழம் கட்டிவிட்டு, மீதி நேரம் தைத்தால் 3 ஜாக்கெட்டும் நான்காவதில் மூன்றில் இரண்டு பங்கும் முடிந்திருக்கும். பூ பழையபடி 55 முழம், ஜாக்கெட்டில் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். அக்காவின் கணக்கில் மூன்றில் இரண்டு ஜாக்கெட் என்பது அதே 10 முழம்தான்.

மொத்தம் சரி, ஆனா ஆளுக்கு ஆள் லாபம்னு எப்படிக் காட்டுறது? அக்காகிட்ட பூ முன்னாடியைவிடக் கம்மியா இருக்கே.

விகிதம் 20 என்று வைத்து, ஒரே ஒரு ஜாக்கெட்டைக் கைமாற்றிப் பார்ப்போம். தங்கை 50 முழத்தில் 20 கொடுத்து ஒரு ஜாக்கெட் வாங்குகிறாள். அவளிடம் 1 ஜாக்கெட், 30 முழம். முன்பு 1 ஜாக்கெட், 25 முழம். அவளுக்கு 5 முழம் லாபம், பார்த்தவுடன் தெரிகிறது.

அக்காவிடம் இப்போது 3 ஜாக்கெட், 20 முழம். முன்பு 2 ஜாக்கெட், 30 முழம். ஒன்று கூட, ஒன்று குறைய இருப்பதால் நேராக ஒப்பிட முடியாது. இங்கேதான் பலர் குழம்பி "அக்காவுக்கு நட்டம்" என்று எழுதுகிறார்கள். ஒப்பிட வேண்டியது அவள் பழைய கூடையோடு இல்லை. இதே 3 ஜாக்கெட்டைத் தனியாகத் தைத்திருந்தால் அவளிடம் எவ்வளவு பூ மிஞ்சியிருக்கும் என்பதோடு. 3 ஜாக்கெட்டுக்கு 6 மணி நேரம், மீதி 2 மணி நேரத்தில் 15 முழம். இப்போது 20 இருக்கிறது. அவளுக்கும் 5 முழம் லாபம்.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் இரண்டு ஜாக்கெட்டைக் கைமாற்றுங்கள். அக்காவிடம் 2 ஜாக்கெட், 40 முழம். பழைய 2 ஜாக்கெட், 30 முழத்தைவிட நேரடியாகவே 10 முழம் அதிகம். தங்கையிடம் 2 ஜாக்கெட், 10 முழம். தனியாக 2 ஜாக்கெட் தைத்திருந்தால் அவளுடைய நாள் முழுக்க அதிலேயே போய், கையில் ஒரு முழம் பூகூட இருந்திருக்காது.

20ன்னு ஏன் எடுத்தீங்க? நடு எண்ணைத்தான் எடுக்கணுமா?

கட்டாயம் இல்லை, எண்ணுவதற்கு எளிது என்பதற்காக எடுத்தேன். ஒரு ஜாக்கெட் கைமாறும் ஒவ்வொரு முறையும் பிறக்கும் மொத்த லாபம் 10 முழம், அதாவது 25-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம். விகிதம் அந்தப் பத்தைப் பங்கு போடுகிறது. 20 என்றால் ஐந்துக்கு ஐந்து. 18 என்றால் அக்காவுக்கு 3, தங்கைக்கு 7. 24 என்றால் அக்காவுக்கு 9, தங்கைக்கு 1. விகிதம் விற்பவரின் செலவுக்கு அருகில் இருந்தால் வாங்குபவருக்குப் பெரும் பங்கு.

எல்லைக்குள் எந்த இடத்தில் நிற்கும் என்பதை இந்த அட்டவணை சொல்லாது. அதற்கு யாருக்கு எது எவ்வளவு வேண்டும் என்று தெரிய வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் தங்கைக்கு ஜாக்கெட் அவசரம் என்றால் 24-க்கும் ஒத்துக்கொள்வாள். 19-ஆம் நூற்றாண்டில் ஜான் ஸ்டூவர்ட் மில் இதைத்தான் விளக்கினார்: ஒருவர் பொருள்மேல் மற்றவருக்கு உள்ள தேவை எவ்வளவு வலுவானது என்பது விகிதத்தை நிறுத்தும் இடத்தை முடிவு செய்கிறது. ஆகவே "சரியான விகிதம் எது?" என்று கேட்டால் ஒற்றை எண்ணை எழுதாமல் எல்லையை எழுதுங்கள்.

அக்கா 8 மணி நேரம், தங்கை 5 மணி நேரம்தான் வேலை செய்றாங்கன்னு கொடுத்தா? முதல்ல ஒரே நேரத்துக்கு மாத்தணுமா?

வாய்ப்புச் செலவுக்கும் விகித எல்லைக்கும் மாற்ற வேண்டியதில்லை. ஒரே ஆளின் இரண்டு எண்களைத்தான் வகுக்கிறோம், இரண்டுமே அதே 5 மணி நேரத்தில் வந்தவை, நேரம் அடிபட்டுப்போகும். முழு நன்மையைக் கேட்டால் மட்டும் மணிக்கு எவ்வளவு என்று மாற்றியாக வேண்டும், ஏனென்றால் அங்கே ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிடுகிறோம்.

எங்க புத்தகத்துல இங்கிலாந்து, போர்ச்சுகல்னு போட்டு 100, 120, 90, 80ன்னு இருக்கு. அதே மாதிரி வகுத்தா விடை மாறி வருதே?

அது நேர அட்டவணை. டேவிட் ரிக்கார்டோ 1817-இல் எழுதிய எண்கள் அவை. குறிப்பிட்ட அளவு துணியும் குறிப்பிட்ட அளவு ஒயினும் செய்ய, ஓராண்டுக்கு எத்தனை பேர் உழைக்க வேண்டும் என்பது:

| | துணி | ஒயின் |
|---|---|---|
| இங்கிலாந்து | 100 | 120 |
| போர்ச்சுகல் | 90 | 80 |

இங்கே சிறிய எண்தான் திறமை, ஆகவே இரண்டிலும் முழு நன்மை போர்ச்சுகலுக்கு. வகுப்பதும் திரும்புகிறது: பெறுவது மேலே, விடுவது கீழே. ஓர் அலகு ஒயினுக்கு இங்கிலாந்து விடுவது 120/100, அதாவது 1.2 அலகு துணி. போர்ச்சுகல் விடுவது 80/90, ஏறத்தாழ 0.89 அலகு துணி. ஒயின் போர்ச்சுகலுக்கு, துணி இங்கிலாந்துக்கு. ஓர் அலகு ஒயினுக்கு 0.89-க்கும் 1.2-க்கும் இடையில் துணி கொடுத்தால் இருவருக்கும் பயன். ரிக்கார்டோ ஒன்றுக்கு ஒன்று என்று எடுத்தார், அது எல்லைக்குள் இருக்கிறது. இங்கிலாந்து 100 பேர் உழைப்பைக் கொடுத்து, தான் செய்தால் 120 பேர் வேண்டியிருக்கும் ஒயினைப் பெறுகிறது. போர்ச்சுகல் 80 பேர் உழைப்பைக் கொடுத்து, 90 பேர் வேண்டியிருக்கும் துணியைப் பெறுகிறது.

வகுப்பது ஏன் திரும்புகிறது என்பதில் சந்தேகம் இருந்தால் நம் அக்காவையே நேரத்தில் எழுதிப் பாருங்கள். ஜாக்கெட்டுக்கு 120 நிமிடம், முழத்துக்கு 8 நிமிடம். 120-ஐ 8-ஆல் வகுத்தால் அதே 15 முழம். தங்கைக்கு 240-ஐ 9.6-ஆல் வகுத்தால் அதே 25.

கேள்வி ரூபாயில வந்தா என்ன பண்றது? ஜாக்கெட் கூலி எவ்வளவு இருக்கலாம்னு கேட்டிருக்காங்க.

ஒரு பொருளின் விலை கொடுத்திருப்பார்கள். ஒரு முழம் 20 ரூபாய் என்றால், 15 முழம் 300 ரூபாய், 25 முழம் 500 ரூபாய். ஜாக்கெட் கூலி 300-க்கும் 500-க்கும் இடையில். முழத்தை ரூபாயாகப் பெருக்கியது தவிர வேறொன்றும் புதிதில்லை.

இதில் வரும் சிக்கல் வெளிக் கடை. தெருமுனைத் தையல் கடையில் 280 ரூபாய்க்குத் தைத்துத் தருகிறார்கள் என்று கேள்வி சேர்ந்தால், தங்கை அக்காவிடம் 280-க்கு மேல் கொடுக்க மாட்டாள். அதோடு நிற்காது. அக்கா நாள் முழுக்க 4 ஜாக்கெட் தைத்து, கடை விலைக்கே விற்றால் 1120 ரூபாய். 60 முழம் பூ கட்டி விற்றால் 1200. கடையோடு ஒப்பிடும்போது அக்காவும் பூ கட்டுவதே மேல். தங்கையோடு ஒப்பிட்டபோது தையலில் இருந்த ஒப்பீட்டு நன்மை, மூன்றாவது ஆள் வந்ததும் அவளை விட்டுப் போய்விட்டது. அது எப்போதும் இன்னொருவரோடு ஒப்பிட்டு வருவதுதான், அக்காவிடமே ஒட்டிக்கொண்டிருக்கும் குணம் இல்லை.

ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல இருந்தா? பூவைக் கொண்டுபோற செலவு எங்க வரும்?

அந்தப் பத்து முழ லாபத்திலிருந்து வரும். ஒரு ஜாக்கெட்டுக்கு ஈடான பூவைக் கொண்டுசெல்ல 4 முழம் அளவுக்குச் செலவாகிறது என்றால், பங்கு போட மிஞ்சுவது 6. தங்கை சுமந்தால் அவள் 21 முழத்துக்குக் கீழே தரவே பார்ப்பாள், அக்கா சுமந்தால் 19-க்கு மேல் கேட்பாள். செலவு 10 முழத்தைத் தொட்டுவிட்டால், வாய்ப்புச் செலவு வேறுபட்டிருந்தாலும் பரிமாற்றம் நின்றுவிடும், ஆளாளுக்கு இரண்டையும் தாங்களே செய்துகொள்வார்கள். பூவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: மாலைக்குள் வாடும். போய்ச் சேர்வதற்குள் வாடும் முழங்களையும் இந்தச் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

தங்கை தையல் நல்லாக் கத்துக்கிட்டா இதெல்லாம் மாறிடுமா?

மாறும். எந்த அளவில் மாறும் என்பதைக் கணக்கே சொல்லும். அவள் ஒரு நாளில் 3 ஜாக்கெட் தைக்கும் அளவுக்கு வந்தால், பூ அதே 50 முழம் என்ற நிலையில், அவளுடைய வாய்ப்புச் செலவு 50-ஐ 3-ஆல் வகுத்தது, ஏறத்தாழ 16.7 முழம். எல்லை 15-இலிருந்து 16.7-க்குள் சுருங்கிவிடுகிறது. இன்னமும் அக்காதான் தைக்க வேண்டும். ஆனால் பழைய 20 முழ விகிதத்துக்குத் தங்கை இனி வர மாட்டாள், அவளே தைத்துக்கொள்வாள். அக்கா அதே விலையைக் கேட்டுக்கொண்டிருந்தால் பரிமாற்றம் அறுந்துபோகும்.

4 ஜாக்கெட்டை எட்டிவிட்டால் அவளுடைய செலவு 12.5 முழம். இப்போது அக்காவின் 15-ஐ விடக் குறைவு. தையலில் இருவரும் சமம், பூவில் அக்கா இன்னமும் 10 முழம் கூடுதல். தையல் தங்கைக்குப் போகிறது, பூ அக்காவுக்கு வருகிறது, ஒரு ஜாக்கெட்டுக்கு 12.5 முழத்துக்கும் 15 முழத்துக்கும் இடையில் இருவரும் பேசி முடிப்பார்கள். அக்காவின் கைத்திறனில் எதுவும் குறையவில்லை. அவளுடைய வரிசையில் எண்கள் அதே 4, 60தான்.